கேஸ் ஸ்டடி எழுதும்போது எண் நழுவும் இடங்கள்

ஆலோசகர்கள் எழுதும் கேஸ் ஸ்டடியைத் திருத்தித் தரச் சொல்லி யாராவது அனுப்பினால், நான் முதலில் இரண்டு வாக்கியங்களைத் தேடி எடுத்து அருகருகே வைத்துப் பார்ப்பேன். ஒன்று, சிக்கலைச் சொல்லும் வாக்கியம். மற்றது, பலனைச் சொல்லும் வாக்கியம். இரண்டிலும் ஒரே அளவு பேசப்படுகிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் பேசப்பட்டிருக்காது. “கிடங்கு ஒழுங்கில்லாமல் இருந்தது” என்று தொடங்கி, “வாடிக்கையாளர் திருப்தி கூடியது” என்று முடிந்திருக்கும். இடையில் இரண்டு பக்கம் வேலை விவரம் இருக்கும். ஆனால் தொடங்கிய கேள்விக்கும் முடிந்த விடைக்கும் உறவு இருக்காது.

இந்தத் தவறுகளை விளக்க, ஒரு முறை சரியாகச் செய்யப்பட்ட ஒன்றை அருகில் வைத்துக்கொள்வது நல்லது. 2008 முதல் 2010 வரை, மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் வட்டாரத்து நெசவாலைகளில் நிக்கோலஸ் புளூம், டேவிட் மெக்கன்சி உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பன்னாட்டு ஆலோசனை நிறுவனம் ஆலைகளுக்குக் கட்டணமின்றி ஆலோசனை வழங்கியது. சோதனையில் சேர்க்கப்பட்ட 20 ஆலைகளில் 14 ஆலைகளுக்கு ஒரு மாத ஆய்வும், அதன்பின் நான்கு மாதச் செயலாக்கமும் கிடைத்தன. மீதி 6 ஆலைகளுக்கு ஆய்வு மட்டும். முழு ஆலோசனை பெற்ற ஆலைகளின் உற்பத்தித்திறன் முதல் ஆண்டில் 17 சதவீதம் உயர்ந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆலோசகர் செய்த வேலையின் பலனை இவ்வளவு கவனமாக அளந்த ஆய்வுகள் அரிது. கேஸ் ஸ்டடி எழுதுகிற நம்மால் அதே அளவுக்குச் செய்ய முடியாவிட்டாலும், அந்த ஒழுங்கைக் கடன் வாங்கலாம்.

தீர்வின் இன்மையைச் சிக்கல் என்று எழுதுவது

இதுதான் மிகப் பரவலான தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன. “நிறுவனத்தில் தரக் கண்காணிப்பு முறை எதுவும் இல்லை” என்று எழுதுகிறோம். இது சிக்கல் அல்ல. நாம் விற்க வந்த பொருள் அங்கே இல்லை என்ற செய்தி. ஆலை முதலாளி அதற்காகத் தூக்கம் இழக்கவில்லை. நெய்த துணியில் ஒரு பகுதி இழை அறுந்தும், கறை பட்டும், ஊடை விலகியும் செகண்ட்ஸாகப் போகிறது, விலை குறைகிறது என்பதற்காகத்தான் தூக்கம் இழந்தார்.

இப்படித் தொடங்கினால் முடிவும் தானாகவே கெட்டுப்போகும். சிக்கல் “முறை இல்லை” என்றால் பலன் “முறை வந்துவிட்டது” என்றுதான் இருக்க முடியும். அதில் அளப்பதற்கு ஒன்றுமில்லை.

ஒரு நெசவாலையை வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. மாதம் 2 லட்சம் மீட்டர் துணி நெய்கிறது. அதில் 100 மீட்டருக்கு 8 மீட்டர் செகண்ட்ஸ். அந்தத் துணிக்கு மீட்டருக்கு 20 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. அப்படியானால் மாதம் 16,000 மீட்டர், 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் இழப்பு. சிக்கல் வாக்கியம் இதுதான்: எது, எவ்வளவு, எந்தக் காலத்தில், அதனால் யாருக்கு என்ன இழப்பு. இதில் “முறை” என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். இதை எழுதி முடித்த உடனே பலன் வாக்கியத்தின் பாதி தயாராகிவிடுகிறது: 100 மீட்டருக்கு 8 என்பது எத்தனையாக ஆயிற்று?

நான் கடைப்பிடிக்கும் வரிசை, படிப்பவர் படிக்கும் வரிசைக்குத் தலைகீழானது. முதலில் பலன் வாக்கியம், அடுத்து அதே அளவில் சிக்கல், கடைசியில் நடவடிக்கை. முன்னிரண்டும் பொருந்தாவிட்டால் நடவடிக்கையை எழுத உட்காருவதில்லை.

நிறுவனத்தின் வரலாற்றோடு தொடங்குவது இதன் சிறு உறவு. எந்த ஆண்டு தொடங்கப்பட்டது, எத்தனை நாடுகளுக்கு ஏற்றுமதி என்ற பத்தியில், சிக்கலைப் புரிந்துகொள்ளத் தேவையான விவரம் ஒன்றிரண்டுதான் இருக்கும். அதைச் சிக்கல் வாக்கியத்துக்குள்ளேயே வைத்துவிட்டு மீதியை நீக்கிவிடலாம்.

செய்ததையெல்லாம் எழுதுவது

பல மாதம் உழைத்தவருக்கு அந்த உழைப்பைக் காட்ட வேண்டும் என்ற ஆசை இயல்பானது. இத்தனை நேர்காணல்கள், இத்தனை பயிலரங்குகள், இத்தனை பக்க அறிக்கை என்று பட்டியல் நீள்கிறது. ஆனால் படிப்பவர் தேடுவது ஒன்றைத்தான்: எதை மாற்றியதால் அந்த எண் நகர்ந்தது?

மும்பை ஆலைகளில் ஆலோசகர்கள் முன்வைத்த மேலாண்மை நடைமுறைகள் 38. அத்தனையையும் ஒரு பக்கக் கேஸ் ஸ்டடியில் அடுக்கினால் ஒன்றும் மனத்தில் நிற்காது. ஆனால் தரத்தைப் பற்றிய பகுதியை மட்டும் எடுத்தால் காரணம் தெளிவாகத் தெரியும். முன்பு துணியில் குறை இருந்தால் ஆட்கள் உட்கார்ந்து கையால் சரிசெய்தார்கள். பதிவு என்பது பெரும்பாலும் வாங்கியவர் புகார் சொன்னால் பதில் சொல்வதற்கு. ஆலோசனைக்குப் பின், குறைகள் வகைவாரியாக நாள்தோறும் பதியப்பட்டன. அந்தப் பதிவை வைத்துக்கொண்டு மேலாளர்கள் தினமும் கூடிப் பேசினார்கள்.

இதை நம் ஆலைக்குள் வைத்துப் பாருங்கள். சோதனை மேசையில் துணியை ஓட்டிப் பார்ப்பவர் ஒரு குறையைக் கண்டால், என்ன குறை, எந்தத் தறி, எந்த ஷிஃப்ட் என்று மூன்று கட்டங்களை நிரப்புகிறார். இரண்டாம் வாரத்தில் பார்த்தால், எண்ணெய்க் கறையில் பெரும்பகுதி அடுத்தடுத்து நிற்கும் நான்கு தறிகளிலிருந்து வருகிறது. ஃபிட்டர் அந்த நான்கையும் பிரித்துப் பார்க்கிறார். நடவடிக்கைப் பத்தியில் இருக்க வேண்டியது இதுதான். பதிவேட்டிலிருந்து தறிக்கும், தறியிலிருந்து 8 என்ற எண்ணுக்கும் ஒரு கோடு போட முடிகிறது. பயிலரங்கிலிருந்து அப்படி ஒரு கோடு போட முடிந்தால் பயிலரங்கும் இருக்கட்டும், இல்லையென்றால் வேண்டாம்.

கைவிட்ட முயற்சி ஒன்று இருந்தால் ஒரு வரியில் எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவதுண்டு. “முதல் மாதம் ஷிஃப்ட் முடிவில் மொத்தமாகப் பதிந்தோம், அப்போது தறி எண் நினைவில் இருக்கவில்லை, அதனால் குறை கண்ட இடத்திலேயே பதியும்படி மாற்றினோம்” என்ற வரியைப் படிக்கும் இன்னொரு ஆலைக்காரர், எழுதியவர் உண்மையிலேயே தறிக்கூடத்தில் நின்றவர் என்பதை உணர்ந்துகொள்வார்.

அடிப்படை எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் வரும் பிழை

இங்கே நிதானமாக நிற்க வேண்டும். நல்ல எண்ணத்தோடு எழுதுபவர்களும் இங்கே தவறுகிறார்கள்.

நம் ஆலையில் வேலை தொடங்குவதற்கு முந்தைய ஆறு மாதங்களில் செகண்ட்ஸ் 7, 9, 8, 6, 10, 8 சதவீதம் என்று இருந்தது. சராசரி 8. ஐந்தாம் மாதம் 10 சதவீதமாக ஏறியபோதுதான் முதலாளி ஆலோசகரை அழைத்தார். வேலை முடிந்த பின் மூன்று மாதச் சராசரி 5. “செகண்ட்ஸ் பாதியாகக் குறைந்தது” என்று எழுதத் தோன்றும்; 10 இருந்தது 5 ஆயிற்று அல்லவா? ஆனால் அந்த 10 ஒரு மோசமான மாதம். யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த மாதம் இறங்கத்தான் செய்யும். அட்டவணையிலேயே அது 8-க்கு இறங்கியிருக்கிறது. நிலைமை மிக மோசமாகும் வேளையில்தான் ஆலோசகர் அழைக்கப்படுகிறார் என்பதால், இந்தப் பிழை நம் தொழிலோடு கூடப்பிறந்தது. ஆறு மாதச் சராசரியை அடிப்படையாக வைத்தால் உண்மையான மாற்றம் 8-இலிருந்து 5.

அதிலும் எவ்வளவு நம்முடையது? மும்பை ஆய்வில் அந்த 6 ஆலைகள் இருந்தது இதற்குத்தான். நூல் விலை, மின்வெட்டு, சந்தை நிலவரம் எல்லாம் இரு பக்கத்துக்கும் பொது. எனவே இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை ஆலோசனையின் பலன் என்று சொல்ல முடிந்தது. நமக்குத் தனி ஆலைகள் கிடைக்காது. ஆனால் அதே ஆலையில் நாம் கைவைக்காத இன்னொரு தறிக்கூடம் இருக்கலாம். அங்கும் முன்பு 8 இருந்தது, இப்போது 7 என்று வைத்துக்கொள்வோம். ஒருவேளை நல்ல நூல் வந்திருக்கலாம். எளிய ரகத் துணிக்கு ஆர்டர் கூடியிருக்கலாம். எப்படியானாலும் 3 புள்ளி இறக்கத்தில் 1 புள்ளி தானாக வந்தது. 2 புள்ளிதான் நம் வேலை. 2 லட்சம் மீட்டரில் அது 4,000 மீட்டர், மாதம் 80,000 ரூபாய். 1 லட்சத்து 20 ஆயிரம் என்று எழுதியிருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் வாடிக்கையாளரின் கணக்காளர் அந்த மற்றத் தறிக்கூடத்தின் எண்ணையும் அறிவார்.

பணக் கணக்கில் இன்னொன்று. மும்பை ஆய்வில் ஆலைக்கு ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் டாலர் லாபம் கூடியது என்ற எண்ணை, தரம், சரக்கிருப்பு, உற்பத்தி ஆகியவற்றில் அளந்த மாற்றங்களிலிருந்துதான் மதிப்பிட்டார்கள். அளந்தது வேறு, மதிப்பிட்டது வேறு. மீட்டர் அளந்தது, ரூபாய் மதிப்பிட்டது. வாக்கியத்திலும் அந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

வாடிக்கையாளர் எண்களை வெளியிட மறுத்தால் “கணிசமாக” என்ற சொல்லுக்குத் தாவ வேண்டியதில்லை. தொடக்க அளவை 100 என்று வைத்து, இப்போது எவ்வளவு என்று எழுத அனுமதி கேளுங்கள். பலரும் இதற்குச் சம்மதிப்பார்கள்.

அளந்த நாளை விட்டுவிடுவது

அதே மும்பை ஆலைகளுக்கு 2017-இல் ஆய்வாளர்கள் திரும்பிச் சென்றார்கள். கைக்கொண்ட நடைமுறைகளில் சுமார் பாதி கைவிடப்பட்டிருந்தன. ஆலை மேலாளர் மாறிய இடங்களில் கைவிடுதல் கூடுதல். ஆனாலும் ஆலோசனை பெற்ற ஆலைகள் பெறாதவற்றைவிட முன்னிலையில்தான் இருந்தன. ஆகவே பலன் எப்போது அளக்கப்பட்டது, அதன்பின் அந்த வேலையை யார் பார்க்கிறார் என்ற இரண்டும் இல்லாத பலன் வாக்கியம் குறை வாக்கியமே.

நம் ஆலையின் கேஸ் ஸ்டடி இப்படி முடிகிறது:

“மாதம் 2 லட்சம் மீட்டர் நெய்யும் ஆலையில், ஆறு மாதச் சராசரியாக 8 சதவீதத் துணி செகண்ட்ஸாகப் போனது, மாதம் 3.2 லட்சம் ரூபாய் இழப்பு. குறையைக் கண்ட இடத்திலேயே வகை, தறி, ஷிஃப்ட் மூன்றையும் பதியச் செய்து, தினமும் காலையில் அந்தப் பதிவேட்டின் மீது மேலாளர், ஃபிட்டர், ஷிஃப்ட் மேற்பார்வையாளர் கூடினார்கள். கறைக்குக் காரணமான நான்கு தறிகள் முதலில் சரிசெய்யப்பட்டன. வேலை முடிந்தபின் மூன்று மாதச் சராசரி 5 சதவீதம். நாங்கள் வேலை செய்யாத தறிக்கூடத்திலும் 1 புள்ளி குறைந்ததால், இந்த மாற்றத்தில் 2 புள்ளியை, மாதம் ஏறத்தாழ 80,000 ரூபாயை, எங்கள் பணியின் பலனாக மதிப்பிடுகிறோம். பதிவேடு இப்போது ஷிஃப்ட் மேற்பார்வையாளர் பொறுப்பில் உள்ளது. ஓராண்டு கழித்து மீண்டும் அளக்கப்படும்.”