கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் படத்தைப் பெரிதாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபி, சத்தியமங்கலம் பக்கத்து ஸ்டுடியோக்களுக்கு அடிக்கடி வரும் வேலை ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு சிறிய படத்தைக் காட்டி, தாத்தாவின் படம் இது ஒன்றுதான் இருக்கிறது, 12×16 அங்குலத்தில் சட்டம் போட்டுக் கொடுங்கள் என்பார்கள். படம் 600×800 பிக்சல் இருக்கும். ஓர் அங்குலத்துக்கு 200 பிக்சல் என்று கணக்கிட்டால் 2400×3200 தேவை, அதாவது நீள அகலங்கள் நான்கு மடங்காக வேண்டும். திறந்த மூலக் கருவியான ரியல்-எஸ்ர்கான் இதைச் செய்யும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பிலும் செய்யும். ஆனால் எந்த வேகத்தில் என்பதை முன்கூட்டியே அறியாதவர்கள்தான் பெரும்பாலும் தவறு செய்கிறார்கள்.

வேகத்தைக் கணக்கிட்டே அறியலாம். புகைப்படங்களுக்கான `realesrgan-x4plus` மாடலில், பயிற்சியின்போது அது கற்ற எண்களான எடைகள் சுமார் 1.67 கோடி உள்ளன. கடைசிக் கட்டப் பெரிதாக்கலையும் சேர்த்தால், உள்ளே கொடுக்கும் படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஏறத்தாழ 1.8 கோடி பெருக்கல்கள் நடந்தாக வேண்டும். நம் படத்தில் 4,80,000 பிக்சல்கள் இருப்பதால், மொத்தம் 8.6 லட்சம் கோடிப் பெருக்கல்கள். சில ஆண்டுப் பழைய லேப்டாப்பில் உள்ள இன்டெல் யுஎச்டி 620 போன்ற உள்ளமை கிராஃபிக்ஸ் இதை முடிக்க இரண்டிலிருந்து நான்கு நிமிடம் பிடிக்கும் என மதிப்பிடலாம். ஐரிஸ் எக்ஸ்இ இருந்தால் ஒரு நிமிடத்தை ஒட்டி முடியலாம். பிராசஸரை மட்டும் நம்பினால் ஐந்து நிமிடத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்வதே நல்லது.

முதல் தவறு, கிராஃபிக்ஸ் கார்டு இல்லை என்றதும் பிராசஸர் மட்டும்தான் இருக்கிறது என்று முடிவு கட்டுவது. இன்டெல், ஏஎம்டி லேப்டாப் சில்லுகளில் பெரும்பாலானவற்றில் கிராஃபிக்ஸ் பகுதி உள்ளேயே இருக்கிறது. கிராஃபிக்ஸ் சில்லுக்குக் கணக்கு வேலையைக் கொடுக்கும் பொது இடைமுகத்தின் பெயர் வல்கன்; டிரைவர் அதை ஆதரித்தால் கருவி அந்தக் கிராஃபிக்ஸ் பகுதியிலேயே ஓடும். இதன் மறுபக்கத் தவறுதான் இன்னும் மோசமானது. லினக்ஸில் இன்டெல்லுக்கான வல்கன் டிரைவர் நிறுவப்படாமல் இருந்தால், மென்பொருளாலேயே கிராஃபிக்ஸ் போல நடிக்கும் ஒன்று அந்த இடத்துக்கு வந்து விடக்கூடும்; அப்போது கருவியும் எந்தப் பிழையும் காட்டாமல், பல மடங்கு மெதுவாக ஓடிக் கொண்டிருக்கும். எனவே கட்டளையைக் கொடுத்ததும் வரும் முதல் வரிகளைப் படிக்க வேண்டும்.

```
realesrgan-ncnn-vulkan -i thatha.jpg -o thatha4x.png -n realesrgan-x4plus -t 100
```

சதுர அடைப்புக்குள் `Intel` என்று வந்தால் சரி. `llvmpipe` என்று வந்தால் உடனே நிறுத்திவிட்டு, முதலில் டிரைவரை நிறுவ வேண்டும். ஓடவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை.

அந்தக் கட்டளையில் `-n` என்ற பகுதியை விட்டுவிடுவதும் பலர் செய்வதுதான். அதை விட்டால், கார்ட்டூன் வீடியோவுக்காக உருவான `realesr-animevideov3` என்ற மாடலைக் கருவி தானாக எடுத்துக் கொள்ளும். அது மிகச் சிறியது என்பதால் வேலை சட்டென்று முடியும். வேகத்தைப் பார்த்து மகிழ்ந்து படத்தைத் திறந்தால் தாத்தாவின் முகச் சுருக்கமெல்லாம் மறைந்து, பெயிண்ட் அடித்தது போல இருக்கும். எதிர்பார்த்ததைவிட மிக விரைவாக முடிந்தால் மாடலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது `-t`, அதாவது படத்தை எந்த அளவுத் துண்டுகளாக வெட்டி வேலை செய்வது என்பது. துண்டுகளின் ஓரத்தில் கோடு விழாதிருக்க, கருவி ஒவ்வொரு பக்கமும் 10 பிக்சல் கூடுதலாக எடுத்துக் கணக்கிடுகிறது. துண்டு 100 என்றால் உண்மையில் 120×120 கணக்கிடப்படுகிறது, வேலை 1.44 மடங்கு. 32 என்று வைத்தால் 52×52, அதாவது 2.6 மடங்கு. ஆகவே பயந்துகொண்டு மிகச் சிறியதாக வைப்பதும் நேரத்தைத் தின்னும். மிகப் பெரியதாக வைத்தால் வேறு சிக்கல் வருகிறது. ஒரு வேலை முடிய 2 வினாடிக்கு மேல் ஆகி, கிராஃபிக்ஸ் பதில் சொல்லாமல் இருந்தால், அது உறைந்துவிட்டது என்று கருதி விண்டோஸ் டிரைவரையே மீட்டமைத்து விடும். அப்போது திரையில் `vkQueueSubmit failed -4` அல்லது `vkWaitForFences failed -4` என்ற வரி ஓடும். கருவியோ அதைப் பொருட்படுத்தாமல் சதவீதத்தைக் காட்டிக்கொண்டே போய்ப் படத்தைச் சேமித்தும் விடும். "ராத்திரி முழுக்க ஓடுச்சுங்க, விடிஞ்சு பார்த்தா ஒரே கருப்புங்க" என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். 100-இல் தொடங்கி, அந்த வரி வந்தால் 64-க்கு இறங்கினால் போதும்.

துண்டு 100 என்றால் நம் படம் குறுக்கே 6, நெடுக்கே 8 என 48 துண்டுகளாகிறது. ஒரு துண்டு முடிந்தால் சதவீதம் ஏறத்தாழ 2 கூடும். சதவீதம் 10-ஐத் தாண்டும்போது கடிகாரத்தைப் பார்த்துப் பத்தால் பெருக்கினால் மொத்த நேரம் தெரிந்துவிடும். லேப்டாப் சூடேறியதும் சில்லு தன் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும் என்பதால், நீண்ட வேலைக்கு அந்தக் கணக்கின் மேல் கொஞ்சம் கூட்டிக் கொள்ள வேண்டும். சார்ஜரைச் செருகாமல் ஓட்டினால் எந்தக் கணக்கும் செல்லாது.

வல்கனே வேலை செய்யாத பழைய லேப்டாப்பில், பிராசஸரிலும் ஓடும் இதே கருவியின் பைத்தான் மொழி வடிவத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். அங்கே வழக்கமாக இடறும் இடம் நினைவகம். துண்டு அளவு சொல்லாவிட்டால் பைத்தான் வடிவம் முழுப் படத்தையும் ஒரே மூச்சில் எடுக்கும். `x4plus` மாடல் 2400×3200 அளவில் 64 அடுக்குகளை வைத்துக் கணக்கிடுவதால், ஓர் இடைநிலை மட்டுமே 2 ஜிபியை நெருங்கும்; அதுபோல இரண்டு மூன்று ஒரே நேரத்தில் நிற்கும். 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் அப்போது டிஸ்க்கை நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கி, சுட்டியைக்கூட நகர்த்த முடியாமல் நின்றுவிடும். என் கருத்தில், பிராசஸர் மட்டும் உள்ளவர்கள் சுமார் 12 லட்சம் எடைகளே கொண்ட சிறிய மாடலுக்கு மாறிவிடுவதே அறிவுடைமை. கணக்கு பத்து மடங்குக்கும் மேல் குறைகிறது. நுணுக்கத்தில் கொஞ்சம் இழந்தாலும், சட்டம் போடும் படத்துக்கு அது போதும்.

```
python inference_realesrgan.py -n realesr-general-x4v3 -i thatha.jpg -o out --tile 256 --fp32
```

கடைசியில் உள்ள `--fp32` அவசியம். அது இல்லாவிட்டால் அரைத் துல்லியத்தில் கணக்கிட முயன்று, பைத்தான் வடிவம் சார்ந்திருக்கும் பைடார்ச் நூலகத்தின் பல பதிப்புகள் `not implemented for 'Half'` என்று நின்றுவிடும்.

படம் பெரிதாக இருந்தால் விளைவும் நன்றாக இருக்கும் என்ற எண்ணமும் நேரத்தை வீணாக்குகிறது. வீட்டிலுள்ள பழைய அச்சுப் படத்தை 12 மெகாபிக்சல் செல்போனில் எடுத்து, அதை அப்படியே நான்கு மடங்காக்கக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது நம் படத்தைப் போல 25 மடங்கு. 3 நிமிட வேலை ஒன்றேகால் மணி நேரமாகும். கிடைப்பது 16000×12000 பிக்சல் கோப்பு, எந்தச் சட்டத்துக்கும் தேவைப்படாதது. 12×16 அங்குலத்துக்கு அந்த செல்போன் படமே தாராளம். அச்சுப் படம் இருக்கிறதென்றால், அதை நல்ல வெளிச்சத்தில் எடுத்து வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

பழைய கல்யாண வீடியோ கேசட்டை இதே முறையில் துலக்க நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வீடியோவில் 720×576 அளவுள்ள ஒரு சட்டகம், அதாவது ஒரு தனிப் படம், நம் தாத்தா படத்தைவிடச் சற்றே சிறியது. வினாடிக்கு 25 சட்டகம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 1500. சட்டகத்துக்கு இரண்டரை நிமிடம் வைத்தால், ஒரு நிமிட வீடியோவுக்கு 60 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். தாலி கட்டும் தருணத்திலிருந்து நான்கைந்து சட்டகங்களை மட்டும் பிரித்தெடுத்துப் பெரிதாக்கித் தருவதுதான் இந்த லேப்டாப்பில் நடக்கக் கூடிய வேலை.