டிக்கெட்டை முடிக்கும் கையோடு எழுதுங்கள்: சப்போர்ட் குழுவுக்கு நாலெட்ஜ் பேஸ் அமைப்பது எப்படி?

சப்போர்ட் குழுக்களில் நாலெட்ஜ் பேஸ் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். ஒருவரிடம் பொறுப்பைக் கொடுப்பார்கள். அவர் மென்பொருளின் மெனுக்களை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுரை எழுதுவார். சில மாதங்களில் யாரும் அதைத் திறப்பதில்லை. காரணம் எளிது. வாடிக்கையாளர் மெனுவைப் பற்றிக் கேட்பதில்லை, தன் பிரச்சினையைப் பற்றிக் கேட்கிறார். அதோடு, எழுதியவர் வேறு வேலைக்குப் போனதும் கட்டுரைகளைத் திருத்த ஆளில்லை.

இதற்கு நேரெதிரான முறை ஒன்று உண்டு. ‘கன்சார்ஷியம் ஃபார் சர்வீஸ் இன்னொவேஷன்’ என்ற அமைப்பு 1992 முதல் வளர்த்துவரும் ‘நாலெட்ஜ் சென்டர்ட் சர்வீஸ்’, சுருக்கமாக கேசிஎஸ், என்ற முறை அது. கேள்வி வந்த பிறகு, அதற்குப் பதில் சொல்லும்போதே கட்டுரை பிறக்க வேண்டும், பதில் சொல்பவரே அதை எழுத வேண்டும், அடுத்து அதைப் பயன்படுத்துபவரே அதைத் திருத்த வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இந்த விளக்கம் அந்த வழியில்தான் போகிறது. ஒரே ஒரு டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கடைசிவரை பார்ப்போம்.

படி 1: ஒரே இடம், நான்கு தலைப்புகள்

எந்தக் கருவி என்பது அவ்வளவு முக்கியமில்லை. மூன்று விஷயங்கள் இருந்தால் போதும்: நல்ல தேடல், ஒவ்வொரு கட்டுரைக்கும் மாறாத ஒரு லிங்க், படித்துக்கொண்டிருக்கும்போதே திருத்தும் வசதி. திருத்துவதற்கு வேறொரு தளத்தில் லாகின் செய்ய வேண்டும் என்றால் யாரும் திருத்த மாட்டார்கள்.

பழைய எக்செல் ஷீட்டையும், சாட்டில் பின் செய்த செய்திகளையும் மொத்தமாக இங்கே கொண்டுவர வேண்டாம். அவற்றில் எது இன்னும் உண்மை என்று யாருக்கும் தெரியாது. யாரும் புதிதாகச் சேர்க்க முடியாதபடி பூட்டிவிடுங்கள். ஒரு டிக்கெட்டுக்காக யாராவது அதிலிருந்து ஒன்றை எடுக்க நேர்ந்தால், அதை மட்டும் சரிபார்த்துப் புதிய இடத்துக்கு மாற்றட்டும்.

டெம்ப்ளேட்டில் நான்கே தலைப்புகள்: பிரச்சினை, சூழல், தீர்வு, காரணம். இதற்கு மேல் கட்டங்களைச் சேர்த்தால், டிக்கெட்டின் நடுவே எழுதுவது சுமையாகிவிடும்.

படி 2: முதலில் தேடுங்கள், பிறகு அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்

ஒரு டிக்கெட் வருகிறது: “கோட் சரியாத்தான் போடுறேன், ஆனா தப்புன்னு வருது. நேத்து வரைக்கும் வேலை செஞ்சது.” லாகின் செய்யும்போது போனிலுள்ள ஆதென்டிகேட்டர் ஆப் காட்டும் 6 இலக்க எண்ணைப் பற்றித்தான் அவர் சொல்கிறார்.

பதில் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் முதலில் தேடுங்கள். கட்டுரை இருந்தால் அது இன்னும் சரியாக இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், நீங்கள் தேடிய சொற்களையும் அவர் சொன்ன வாக்கியத்தையும் உடனே ‘பிரச்சினை’ பகுதியில் போட்டுவிடுங்கள். தீர்வு கண்டுபிடிக்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். காரணம் தெரிந்துவிட்டால், நம் மனம் தானாகவே நிபுணரின் மொழிக்கு மாறிவிடும். “டிஓடிபி நேர ஒத்திசைவுப் பிழை” என்று தலைப்பு வைத்துவிடுவோம். காரணம் தெரியாமல் தேடுகிற அடுத்தவர் அந்தச் சொற்களை ஒருபோதும் தட்டச்சு செய்ய மாட்டார்.

இப்போது கேள்விகள். கோட் எஸ்எம்எஸ்ஸில் வருகிறதா, ஆப்பிலா? ஆப்பில். போனை மாற்றினீர்களா? இல்லை. போனில் நேரம் தானாகச் சரியாகும்படி வைத்திருக்கிறீர்களா? இல்லை, அதை அணைத்துவிட்டுத் தானே நேரத்தை மாற்றியிருக்கிறார். கடிகாரம் மூன்று நிமிடம் முன்னே ஓடுகிறது. அதைச் சரிசெய்ததும் கோட் வேலை செய்கிறது.

ஏன் இப்படி? அந்த ஆப், கோடை இணையத்திலிருந்து வாங்குவதில்லை. பதிவு செய்தபோது போனில் சேமித்த ரகசியச் சாவியையும் அந்த நேரத்தையும் வைத்துத் தானே கணக்கிடுகிறது. சர்வரும் அதே கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்க்கிறது. 2011-இல் வெளியான ஆர்எஃப்சி 6238 தரத்தின்படி கோட் மாறும் வழக்கமான இடைவெளி 30 விநாடி. கோட் வந்து சேரத் தாமதமானால் ஓர் இடைவெளி வரை விட்டுக்கொடுக்கலாம் என்கிறது அந்தத் தரம். மூன்று நிமிட வித்தியாசம் அதற்குள் அடங்காது.

டிக்கெட்டை மூடும் முன் கட்டுரை இப்படி ஆகியிருக்கும்:

```
தலைப்பு: ஆப் காட்டும் 6 இலக்க கோட் "தவறு" என்று வருகிறது,
        போன் மாற்றவில்லை

பிரச்சினை: கோட் சரியாகப் போட்டும் தப்பு என்று வருகிறது.
  நேற்று வரை வேலை செய்தது.
  திரையில்: "குறியீடு தவறானது"
  தேடல் சொற்கள்: code thappu nu varuthu, otp work aagala

சூழல்: ஆதென்டிகேட்டர் ஆப், அதே போன்.
  (எஸ்எம்எஸ் கோட் என்றாலோ, போன் மாற்றியிருந்தாலோ
   இந்தக் கட்டுரை பொருந்தாது)

தீர்வு:
  1. போன் நேரத்தை வேறொரு சரியான கடிகாரத்துடன் ஒப்பிடச் சொல்லவும்.
  2. போன் அமைப்புகளில் தேதி, நேரத்தைத் தானியங்கி ஆக்கவும்.
  3. புதிய கோட் வரும்வரை காத்திருந்து அதைப் போடவும்.
  கோடையோ கியூஆர் படத்தையோ வாடிக்கையாளரிடம் கேட்கக் கூடாது.

காரணம்: போன் கடிகாரம் விலகியதால் சர்வரின் கணக்கோடு
  கோட் பொருந்தவில்லை.
```

இதில் ‘தேடல் சொற்கள்’ வரியைக் கவனியுங்கள். தமிழில் எழுதுபவர்கள் ஒரே விஷயத்தைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் மாற்றி மாற்றி எழுதுவார்கள். பெரும்பாலான தேடல் கருவிகளுக்கு இரண்டும் ஒன்று என்று தெரியாது. அதனால் இரண்டையும் கட்டுரைக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். வாடிக்கையாளரின் பெயர், மின்னஞ்சல், எண் எதுவும் கட்டுரையில் வரக் கூடாது.

படி 3: ஒரே புகாருக்கு வேறு காரணம் வந்தால்

கொஞ்ச நாளில் இன்னொருவர் அதே வார்த்தைகளில் புகார் செய்கிறார். அவர் மறுபடி பதிவு செய்து, புதிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்திருக்கிறார். ஆப்பில் ஒரே பெயரில் இரண்டு பதிவுகள் இருக்கின்றன. பழையதிலிருந்து கோடை எடுத்துப் போடுகிறார். அதன் சாவி இப்போது செல்லாது.

இங்கேதான் பலர் பழைய கட்டுரையின் அடியில் “இல்லாவிட்டால் இதையும் பாருங்கள்” என்று ஒரு பத்தி சேர்ப்பார்கள். இப்படியே போனால் ஒரே கட்டுரையில் ஏழு காரணங்கள் சேர்ந்துவிடும், போனில் ஆள் காத்திருக்கும்போது எது பொருந்தும் என்று யாராலும் பிரிக்க முடியாது. தீர்வு வேறு என்றால் கட்டுரையும் வேறாக இருக்கட்டும். ஆனால் இரண்டிலும் ‘சூழல்’ பகுதியில் பிரித்துக்காட்டும் ஒரு கேள்வி வேண்டும்: “ஆப்பில் இந்தக் கணக்கின் பெயர் இரண்டு முறை தெரிகிறதா?” ஆம் என்றால் அந்த லிங்க், இல்லை என்றால் இந்தக் கட்டுரை. நல்ல கட்டுரையின் பாதி மதிப்பு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

படி 4: லிங்க் இல்லாமல் டிக்கெட்டை மூட வேண்டாம்

டிக்கெட்டை மூடும்போது பயன்படுத்திய கட்டுரையின் லிங்க்கை அதில் இணைப்பது வழக்கமாக வேண்டும். அப்போது நான்கில் ஒன்று நடக்கும். கட்டுரை சரியாக இருந்தது, லிங்க் போட்டாயிற்று. ஒரு வரி பழையதாக இருந்தது, அங்கேயே திருத்தியாயிற்று. உறுதியாகத் தெரியாவிட்டால் கொடி வைத்தாயிற்று. கட்டுரையே இல்லை, எழுதியாயிற்று.

இதற்கு மேலாளரின் ஒப்புதல் தேவையா? உள்ளே படிப்பதற்கு வேண்டாம். ‘வரைவு’ என்ற அடையாளத்தோடு எழுதிய நொடியே குழுவுக்குத் தெரியட்டும். ஒப்புதலுக்காக அது வரிசையில் கிடக்கும் நேரத்தில் இன்னும் இருவர் அதே பிரச்சினையை முதலிலிருந்து தீர்த்துக்கொண்டிருப்பார்கள். இன்னொருவர் பயன்படுத்தி, வேலை செய்கிறது என்று கண்டதும் ‘சரிபார்த்தது’ என்று மாற்றலாம். வாடிக்கையாளருக்கு வெளியே காட்டுவதை மட்டும் அனுபவமுள்ள ஓரிருவர் முடிவு செய்யட்டும்.

படி 5: பழசாகாமல் காப்பது

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கட்டுரைகளையும் பார்ப்போம் என்ற திட்டம் காலண்டரில் மட்டுமே நடக்கும். கேசிஎஸ் முறையில், பயன்படுத்துவதே மறுபார்வை. அடிக்கடி தேவைப்படும் கட்டுரையை அடிக்கடி கண்கள் பார்க்கின்றன, அதனால் அது சரியாக இருக்கிறது. யாரும் தொடாத கட்டுரைக்கு நேரம் செலவழிக்கத் தேவையில்லை. பணம், பாதுகாப்பு, சட்டம் தொடர்பானவை மட்டும் விதிவிலக்கு. அவற்றில் ஒரு முறை தவறினாலும் பாதிப்பு பெரிது, எனவே பொறுப்பாளரும் தேதியும் வேண்டும்.

ஆனால் புதிய வெர்ஷன் வரும் நாளில் இது போதாது. ‘பாதுகாப்பு’ என்ற திரையின் பெயர் ‘கணக்குப் பாதுகாப்பு’ என்று மாறினால், அதைக் குறிப்பிடும் கட்டுரைகள் எல்லாமே ஒரே நாளில் தவறாகிவிடும். அதற்கு இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். மெனு வழியை எப்போதும் ஒரே வடிவில் எழுதுங்கள்: `அமைப்புகள் > பாதுகாப்பு`. அப்புறம், என்னென்ன பெயர்கள் மாறுகின்றன என்ற பட்டியல் வெளியீட்டுக்கு முன்பே சப்போர்ட் குழுவுக்கு வந்துவிட வேண்டும். பழைய பெயரைத் தேடினால் திருத்த வேண்டிய கட்டுரைகள் வரிசையாகக் கிடைக்கும். வழியை ஸ்கிரீன்ஷாட்டில் மட்டும் காட்டியிருந்தால் இந்தத் தேடலில் அது பெரும்பாலும் சிக்காது. படத்தைத் துணைக்கு வையுங்கள், ஆனால் படிகளை எழுத்தில்தான் வைக்க வேண்டும்.

ஒரு கட்டுரை பழசாகிவிட்டதற்கு அடையாளம் வேண்டுமா? “அப்படி ஒரு மெனுவே இல்லையே” என்ற பதில் வரும். அந்த லிங்க் போட்ட டிக்கெட்டுகள் மறுபடி திறக்கும். குழுவினர் தங்கள் சொந்தக் குறிப்பிலிருந்து பதிலைக் காப்பி செய்யத் தொடங்குவார்கள். மூன்றாவதைக் கண்டால் அந்தக் குறிப்பை வாங்கிப் பாருங்கள், சரியான தீர்வு அதில்தான் இருக்கும்.

படி 6: எதை எண்ணுவது

ஆளுக்கு இத்தனை கட்டுரை என்று இலக்கு வைக்காதீர்கள். வைத்தால் ஒரே பதில் ஐந்து தலைப்புகளில் வந்து சேரும், தேடுபவர் குழம்புவார். மூடிய டிக்கெட்டுகளில் எத்தனைக்கு லிங்க் இருக்கிறது என்று பாருங்கள்.

வாரம் அரை மணி நேரம் ஒதுக்கி, விடை கிடைக்காத தேடல்களின் பட்டியலையும் எடுங்கள். பெரும்பாலும் கட்டுரை இருக்கும், அந்தச் சொல்தான் அதில் இருக்காது. “லாகின் நம்பர் தப்பு” என்று தேடியிருந்தால், அந்தச் சொற்களை நம் கட்டுரையின் ‘பிரச்சினை’ பகுதியில் சேர்த்துவிட்டால் போதும்.

அதிகம் லிங்க் ஆன கட்டுரைகளின் பட்டியலை மாதம் ஒருமுறை மென்பொருளை உருவாக்குபவர்களுக்கு அனுப்புங்கள். போன் நேரக் கட்டுரை அதில் மேலே இருந்தால், “குறியீடு தவறானது” என்ற திரையிலேயே “உங்கள் போனின் நேரம் சரியா என்று பாருங்கள்” என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். அதன் பிறகு அந்தக் கட்டுரை லிங்க் ஆவது குறைகிறதா என்று கவனியுங்கள். அறவே நின்றுபோனால் ‘ஓய்வு’ நிலைக்கு மாற்றித் தேடலிலிருந்து மறைத்துவிடுங்கள். அழிக்க மட்டும் வேண்டாம், பழைய டிக்கெட்டுகளில் அந்த லிங்க் இன்னும் இருக்கும்.