ரெயூனியனில் பிரெஞ்சு படிக்கப் பணம் கட்டுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்காக ரெயூனியன் வந்த நம்மவர்களுக்குச் சேன்-ஆந்த்ரேயில் பல வருடமாகப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து வருகிறேன். சமையல்காரர், கோயில் சிற்பி, குருக்கள், கணவரோடு சேர வந்த பெண்கள் என்று எல்லோரும் வருகிறார்கள். பெரும்பாலோர் என்னிடம் வருமுன்பே வேறெங்கோ ஒரு தொகையைக் கட்டி முடித்திருப்பார்கள். தினமும் படிக்கணும், கூச்சப்படாமல் பேசணும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதனால் பணமும் நேரமும் எங்கே வீணாகின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

எந்தக் காகிதம் வேண்டும் என்று பார்க்காமல் சேர்வது

இதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு ஆறுவதில்லை.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். 2026 ஜனவரி 1 முதல் பல வருட வதிவிட அட்டைக்கு ஏ2, பத்து வருட அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்ற பிரெஞ்சு மொழித்திறன் நிலை வேண்டும். இந்த நிலைகள் ஏ1இல் தொடங்கி சி2 வரை ஆறு படியாக ஏறும். குடியுரிமைக்கு முன்பு பி1 போதும் என்றிருந்தது. பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இன்றும் பி1 வகுப்பில் சேர்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 200 மணி நேரப் படிப்பு இருக்கிறது.

சேன்-தெனியில் ஓர் உணவகத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர். நாலு வருடம் முழுநேர வேலை. செ.பே.எஃப். எனப்படும் பயிற்சிக் கணக்கில் வருடத்துக்கு 500 யூரோ வீதம் 2,000 யூரோ சேர்ந்திருந்தது. ஒருநாள் ஒரு நிறுவனத்திலிருந்து போன். "உங்கள் கணக்கில் பணம் சும்மா கிடக்கிறது, இப்போது எடுக்காவிட்டால் போய்விடும்" என்றார்களாம். 1,900 யூரோவுக்கு ஒரு பயிற்சி. அதில் வீடியோ வழியாக ஆசிரியரோடு 20 மணி நேரம், மீதி ஆறு மாதத்துக்கு ஒரு பாடத்தளத்தின் கடவுச்சொல். பயிற்சிக் கணக்கிலிருந்து எடுத்தாலும் 2024 மே முதல் நம் கையிலிருந்தும் ஒரு தொகை போட வேண்டும். அதையும் போட்டார்.

முடித்துவிட்டு, குடியுரிமை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய சான்றிதழ் என்று ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்.

"அக்கா, பி2ன்னு போட்டிருக்கு பாருங்க."

போட்டிருந்தது உண்மைதான். ஆனால் அது வேலையிடத்துப் பிரெஞ்சை அளக்க நிறுவனங்கள் வைக்கும் ஒரு கணினித் தேர்வு. அதில் பேச்சுத் தேர்வே கிடையாது. குடியுரிமைக்கு வெளிநாட்டில் படித்த ஒருவர் காட்ட வேண்டியது டெல்ஃப் அல்லது டால்ஃப் பட்டயம், இல்லாவிட்டால் இரண்டு வருடத்துக்குள் எழுதிய தே.சே.எஃப்., தே.ஏ.எஃப். போன்ற தேர்வின் முடிவு. எழுத்து, பேச்சு இரண்டிலும் நிலை தெரிய வேண்டும். அவர் கையிலிருந்த தாளுக்கு அங்கே இடமில்லை. நாலு வருடச் சேமிப்பு அப்படியே போனது.

அந்த 1,900 யூரோவில் மனிதர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது 20 மணி நேரம்தான். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 95 யூரோ. பாடத்தளத்தில் இருந்த கேட்டல் பயிற்சிகளுக்குச் சமமானவை தெவே 5 மோந்த் தொலைக்காட்சியின் பிரெஞ்சுப் பாடத்தளத்தில் காசில்லாமலே கிடைக்கின்றன.

இதைத் தவிர்க்க மூன்று விஷயம் தெரிந்தால் போதும். பயிற்சிக் கணக்கைக் காட்டி போனிலோ குறுஞ்செய்தியிலோ ஆள் பிடிப்பது 2022 டிசம்பர் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்டது. அழைப்பு வந்தால் வைத்துவிடுங்கள். அந்தப் பணம் வருடக் கடைசியில் காலாவதியாகாது, வேலைவாழ்க்கை முழுக்க அங்கேயே இருக்கும். 5,000 யூரோ உச்சவரம்பைத் தொட்டால் மேலே சேராது, அவ்வளவே. மூன்றாவது, moncompteformation.gouv.fr தளத்தில் ஒவ்வொரு பயிற்சியின் பக்கத்திலும் அது எந்தச் சான்றிதழுக்கானது என்று எழுதியிருக்கும். அங்கே DELF, TCF, TEF இவற்றில் ஒன்று கண்ணில் படவில்லையா, பக்கத்தை மூடிவிடுங்கள். விற்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சரி. ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள் என்றால், பின்வாங்க 14 நாள் அவகாசம் உண்டு. முதல் நாளே தளத்துக்குள் போய் ரத்து செய்யுங்கள்.

எங்கே குறைகிறது என்று அளக்காமல் கருவியைத் தேர்ந்தெடுப்பது

செயலியா, வகுப்பா, தனி ஆசிரியரா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் ஒரு மாதிரித் தேர்வைக் கொடுக்கிறேன். டெல்ஃப் தேர்வை நடத்தும் பிரான்ஸ் எதுகாசியோன் இந்தெர்நாசியோனால் தன் தளத்தில் மாதிரித் தாள்களை இலவசமாக வைத்திருக்கிறது. கேட்டல், படித்தல், எழுத்து, பேச்சு என்று நாலு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக்கூடாது.

அந்தத் தம்பியைக் கடிகாரம் வைத்து உட்காரச் சொன்னேன். கேட்டலில் 13, படித்தலில் 15, எழுத்தில் 6, பேச்சில் 8. மொத்தம் 42. நம்மவர்களில் வேலைக்குப் போகிற பெரும்பாலோருக்கு இதே மாதிரிதான் வரும். காதும் கண்ணும் முன்னால் போயிருக்கும், கையும் வாயும் பின்தங்கியிருக்கும். காரணம் எளிது. செயலியில் நாம் பெரும்பாலும் சரியான விடையைத் தொடுகிறோம், சிதறிய சொற்களை வரிசைப்படுத்துகிறோம். பி2 எழுத்துத் தேர்வில் ஒரு மணி நேரத்தில் வெற்றுத்தாளில் 250 சொல் எழுத வேண்டும். பேட்டை நூலகத்தை மூடாதீர்கள் என்று மேயருக்கு ஒரு கடிதம், அந்த மாதிரி. பேச்சில் 30 நிமிடத் தயாரிப்பு, பிறகு சுமார் 20 நிமிடம் ஒரு கருத்தை நிறுத்தி வாதாட வேண்டும். தொடுதிரை இதற்குப் பழக்காது.

ஆகவே என் கணக்கு இது. கேட்டலுக்கும் படித்தலுக்கும் காசு கொடுக்காதீர்கள். எழுத்தையும் பேச்சையும் திருத்த ஒரு மனிதருக்குக் கொடுங்கள்.

அவருக்குப் போட்ட திட்டத்தைச் சொல்கிறேன். காலை 10 முதல் 2.30 வரை வேலை, மறுபடி மாலை 6 முதல் இரவு 10.30 வரை. திங்கள் விடுமுறை. மாலை 6 மணி குழு வகுப்புகள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அவருக்கு உதவாது. திங்களன்று ஒரு சங்கம் நடத்தும் இரண்டு மணி நேர வகுப்பில் சேர்ந்தார். பேசுவதற்கு ஆள் கிடைக்கும், செலவு பெயரளவுக்குத்தான். தினம் மதியம் ஆர்.எஃப்.ஐ. வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி பத்து நிமிடம். அதையே இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்திக் கேட்பது. வாரத்தில் அது இரண்டு மணி நேரம் ஆகிறது. ஒரு மணி நேரம் கடிதம் எழுத, ஒரு மணி நேரம் தனி ஆசிரியர். மொத்தம் ஆறு. 200ஐ ஆறால் வகுத்தால் 33 வாரம், ஏறக்குறைய எட்டு மாதம். ஆசிரியருக்கு மணிக்கு 20 யூரோ என்று வைத்தால் 660 யூரோ ஆகும். முன்பு போன தொகையில் மூன்றில் ஒரு பங்குதான்.

வாரம் ஆறு மணி நேரம் முடியாது, மூன்றுதான் முடியும் என்றால் எட்டு மாதம் பதினாறாகும். அதை ஒப்புக்கொண்டு தேர்வைத் தள்ளிப்போடுங்கள். விலை உயர்ந்த பயிற்சி வாங்கினால் மணி நேரம் குறையாது.

நேர வித்தியாசத்தை மறப்பது

பாரிஸ் ஆசிரியரின் மாலை 7 மணி, அங்கே குளிர்காலமாக இருக்கும்போது நமக்கு இரவு 10, அங்கே கோடையாக இருக்கும்போது 9. தம்பிக்கு ஓய்வு மதியம் 3 முதல் 5.30 வரை. அப்போது பாரிசில் சாப்பாட்டு நேரம், ஆசிரியர் கிடைப்பது அரிது. புதுச்சேரியிலோ அப்போது மாலை 4.30. அங்கே பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், தமிழில் விளக்கவும் முடியும். அங்கிருந்தே ஒருவரைப் பிடித்தோம்.

திருத்தத் தெரியாத ஆசிரியரிடம் மொத்தமாகக் கட்டுவது

பத்து, இருபது வகுப்புக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதலில் ஒரே ஒரு வகுப்புக்குக் கட்டுங்கள். அதற்கு முன்தினம் நீங்கள் எழுதிய 250 சொல் கடிதத்தை அனுப்பிவையுங்கள். திரும்பி வருவதைப் பாருங்கள். எழுத்துப்பிழையை மட்டும் சிவப்பில் சுழித்திருந்தால் அவர் பி2க்கு ஆகமாட்டார். "இரண்டாவது பத்தியில் காரணம் சொல்கிறீர்கள், உதாரணம் இல்லை. மேயர் என்ன மறுப்பு சொல்வார் என்று யோசிக்கவில்லை. கடிதத்தை முடிக்கும் மரியாதை வாக்கியம் விட்டுப்போயிற்று" என்று எழுதியிருந்தால் அவரை விடாதீர்கள். நம்மவர்கள் வழக்கமாகத் தவறும் ஆண்பால் பெண்பால் வித்தியாசத்தை ஒவ்வொரு முறையும் தானே திருத்தித் தருகிறாரா, அடையாளம் மட்டும் போட்டு நம்மையே திருத்த வைக்கிறாரா என்பதையும் கவனியுங்கள். இரண்டாவது ஆள்தான் வேண்டும்.

கிரியோல் காதில் விழுவதைப் பிரெஞ்சுப் பயிற்சி என்று எண்ணுவது

இல்லை. சந்தைக்கும் பக்கத்து வீட்டு மால்பார் குடும்பத்தோடு பழகுவதற்கும் கிரியோல்தான் வேண்டும். அதை மனதார ஊக்குவிக்கிறேன், அதற்கு அவர்களைவிட நல்ல ஆசிரியர் யாருமில்லை. "கொமான் இ லே?" என்றால் "லே லா" என்று சொல்லிப் பழகுங்கள். ஆனால் தேர்வறையில் ஒலிபெருக்கி பாரிஸ் வானொலியின் வேகத்தில் பேசும்.

சீக்கிரமே எழுதிவிடுவது

தே.சே.எஃப். முடிவு இரண்டு வருடம்தான் செல்லும். விண்ணப்பிக்கத் தேவையான மற்றக் காகிதங்கள் தயாராகாமல் அதை எழுதினால் மறுபடி கட்டணம் கட்ட வேண்டிவரும். டெல்ஃப் ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் 49 எடுத்தால் கையில் எதுவும் மிஞ்சாது. தே.சே.எஃப். தோற்கடிப்பதில்லை, நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்களோ அதை எழுதித் தரும். மாதிரித் தாளில் தொடர்ந்து 60க்கு மேல் வந்தால் டெல்ஃப். 50ஐச் சுற்றியே ஊசலாடினால், விண்ணப்பக் கெடுவும் நெருங்கினால் தே.சே.எஃப். தீவில் தேர்வு நாள்கள் அடிக்கடி வருவதில்லை, பதிவும் பல வாரம் முன்பே மூடிவிடும். ஆசிரியரைத் தேடுமுன் அந்தத் தேதியைக் கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து வாரங்களைப் பின்னோக்கி எண்ணுங்கள்.