மேற்பார்வையாளர் சொன்னதும் அறிவிப்புப் பலகையில் வருவதும்: இருமொழி அறிவிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. இஸ்திரி, பேக்கிங் பிரிவுகளைக் கவனிக்கும் மேற்பார்வையாளர் 2025 செப்டம்பர் 10, புதன்கிழமை மாலை, ஆட்களைக் கூட்டி இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “ஷிப்மென்ட் இருக்கு, ஞாயித்துக்கிழமை எல்லாரும் கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க. அதுக்குப் பதிலா செவ்வாய்க்கிழமை வர வேண்டாம். வர முடியாதவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க.” கேட்டவர்களுக்கு இதில் குழப்பமில்லை, ஏனெனில் அவர் முகமும் குரலும் அங்கே இருந்தன. இதே பேச்சைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பலகையில் ஒட்டும்படி அலுவலக எழுத்தரிடம் ஒப்படைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பேச்சை முதலில் தமிழில் எழுதி, பிறகு அதை ஆங்கிலத்துக்கு மாற்றுவதே அடிப்படைத் தவறு. அப்படிச் செய்தால் தமிழில் தெளிவற்றிருக்கும் இடங்களில் ஆங்கிலம் எழுதுபவர் தம் ஊகத்தை வைத்து நிரப்பிவிடுவார். மாறாக, யார், எந்த நாள், எத்தனை மணி, கட்டாயமா விருப்பமா என்ற நான்கையும் ஒரு தாளில் குறித்து, மேற்பார்வையாளரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, அந்தத் தாளிலிருந்தே இரண்டு மொழிகளிலும் எழுத வேண்டும்.

இந்தப் பேச்சில் மிகவும் ஏமாற்றக்கூடிய சொல் “வேண்டாம்” என்பதே. “செவ்வாய்க்கிழமை வர வேண்டாம்” என்பதற்கு வரத் தேவையில்லை என்றும் பொருள் கொள்ளலாம், வரக் கூடாது என்றும் பொருள் கொள்ளலாம். பேச்சுத் தமிழ் இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. ஆங்கிலமோ ‘நீட் நாட்’, ‘மஸ்ட் நாட்’ என்று பிரித்தே சொல்லும். எழுத்தர் முதலாவதைப் போட்டுவிட்டால், ஆங்கிலம் படித்தவர் செவ்வாயன்றும் வந்து கூடுதல் நாள் கணக்குக் கேட்கலாம். தமிழ் படித்தவரோ அன்று கதவு பூட்டியிருக்கும் என்று நினைத்து வீட்டில் இருப்பார். இங்கே செவ்வாய் மாற்று விடுமுறை, பிரிவே இயங்காது. ஆகவே “16ஆம் தேதி செவ்வாய்க்கிழமை இப்பிரிவுகளுக்கு மாற்று விடுமுறை” என்று நேரடியாக எழுதிவிட்டால் “வேண்டாம்” என்ற சொல்லே தேவைப்படாது. அங்கும் “விடுப்பு” என்று எழுதிவிடக் கூடாது. விடுப்பு என்பது தொழிலாளி கேட்டுப் பெறுவது, ஆங்கிலத்தில் ‘லீவ்’; விடுமுறை என்பது நிறுவனம் விடுவது, ‘ஹாலிடே’. பேச்சில் இரண்டுமே “லீவு” ஆகிவிடுவதால், யாருடைய விடுப்புக் கணக்கிலும் ஒரு நாள் தவறாகக் கழிக்கப்பட இது வழி வகுக்கும்.

இந்த மாற்று விடுமுறை அறிவிப்பு வெறும் நிர்வாக வழக்கமும் அல்ல. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வார விடுமுறை நாளில் வேலை வாங்குவதானால் அந்நாளுக்கு முன்போ பின்போ மூன்று நாள்களுக்குள் முழு நாள் விடுமுறை தரப்பட வேண்டும் என்றும், அதை முன்கூட்டியே அறிவிப்பாக ஒட்ட வேண்டும் என்றும் கூறியது. அச்சட்டத்தின்படி ஒட்டும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 108ஆம் பிரிவு சொன்னது.

“கொஞ்சம் முன்னாடியே” என்பதைச் “சற்று முன்னதாக” என்று மாற்றுவதில் நடை மட்டுமே திருந்துகிறது, செய்தி தெளிவடைவதில்லை. கேட்டுப் பார்த்தால், வழக்கமான எட்டரைக்குப் பதில் எட்டு மணி என்பார். “வெள்ளிக்கிழமைக்குள்” என்பதில் வெள்ளி சேருமா என்று தமிழில் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் ‘பை’ என்றால் சேரும், ‘பிஃபோர்’ என்றால் சேராது. “12ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள்” என்று மணியைக் குறித்துவிட்டால் இரு மொழிகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். “எல்லாரும்” என்பதும் அவருடைய இரு பிரிவுகளைத்தான் குறிக்கிறது. தையல் பிரிவு இதில் சேராது.

இன்னொரு தவறு, ஆங்கிலப் பகுதி தானாகவே கடுமை ஏறிக்கொள்வது. “சொல்லிடுங்க” என்றவர் கேட்டது தகவல். பழைய அறிவிப்பு ஒன்றைப் பார்த்து எழுதும் எழுத்தரின் கையில் அது ‘பிரையர் பெர்மிஷன்’ ஆகி, கடைசியில் ஒழுங்கு நடவடிக்கை பற்றிய ஒரு வரியும் ஒட்டிக்கொள்கிறது. மேற்பார்வையாளர் சொல்லாத எச்சரிக்கைக்கு எந்த மொழியிலும் இடமில்லை. அனுமதி உண்மையிலேயே தேவை என்றால் தமிழிலும் “அனுமதி பெற வேண்டும்” என்றே இருக்க வேண்டும்.

இந்தத் திருத்தங்களுக்குப் பின் தமிழ்ப் பகுதி இவ்வாறு அமையும்: “இஸ்திரி, பேக்கிங் பிரிவுகளின் பணியாளர்கள் அனைவரும் 14.09.2025 ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்குப் பணிக்கு வர வேண்டும். இதற்கு ஈடாக 16.09.2025 செவ்வாய்க்கிழமை மாற்று விடுமுறை. ஞாயிறன்று வர இயலாதவர்கள் 12.09.2025 வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் மேற்பார்வையாளரிடம் தெரிவிக்க வேண்டும்.” ஆங்கிலமும் இதே மூன்று வாக்கியங்களாக, இதே வரிசையில் இருக்கட்டும். ஒட்டுவதற்கு முன், பேச்சைக் கேட்டிராத ஒருவரிடம் ஆங்கிலத்தை மட்டும் கொடுத்து, அதைத் தமிழில் வாயால் சொல்லச் சொல்லி, மேற்பார்வையாளரைக் கேட்க வையுங்கள். அவர் “நான் அப்படிச் சொல்லலையே” என்று குறுக்கிடும் இடத்தைத் திருத்திய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்.