ஆடிக் காற்றில் ட்ரோன் வீடு திரும்புமா? ஃபெயில்சேஃப் அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஏனுங்க தம்பி, சிக்னல் போச்சுன்னா அது தானா வந்துருமுங்களா?" தோப்புக்காரர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. வரும், அதற்குத்தான் ஃபெயில்சேஃப் என்று சொல்லிவிடுகிறோம். எந்த உயரத்தில் வரும், அதுவரை பேட்டரி தாங்குமா என்பதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது, இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதும்.

முதலில் உயரம். ட்ரோனை ஓட்டும் மென்பொருளான ஆர்டுபைலட் காப்டரில் திரும்பும் உயரத்தை `RTL_ALT` தீர்மானிக்கிறது. அது வழக்கமாக 1500 என்று இருக்கும். கணக்கு சென்டிமீட்டரில், அதாவது 15 மீட்டர். நெட்டை ரகத் தென்னை 20 மீட்டரைச் சுலபமாகத் தாண்டும். ஆக, எதையும் மாற்றாமல் பறக்கவிட்டால் ட்ரோன் மட்டைகளுக்கு நடுவில்தான் வீடு திரும்பும். இன்னொன்று, இந்த உயரம் கிளம்பிய இடத்திலிருந்து அளக்கப்படுவது. மலையடிவாரத்தில் கிளம்பி மேட்டுக்காட்டுக்கு அனுப்பினால், 30 மீட்டர் என்பது அங்கே 10 மீட்டராகக்கூட இருக்கலாம்.

இதற்குப் பயந்து 60, 80 என்று ஏற்றி வைப்பது அடுத்த தவறு. மேலே போகப் போகக் காற்று வலுக்கும். எதிர்க்காற்றில் திரும்பும்போது அது எவ்வளவு நேரத்தைத் தின்றுவிடும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தோப்பின் மேற்கு வரப்பில் நின்று கிளப்புகிறோம். ட்ரோன் கிழக்கே 900 மீட்டர் போயிருக்கிறது. காற்றில்லாத நாளில் அது நொடிக்கு 12 மீட்டர் ஓடக்கூடியது. 30 மீட்டர் உயரத்தில் காற்று நொடிக்கு 7 மீட்டர், 60 மீட்டரில் 9 என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டரில் திரும்பினால் நொடிக்கு 5 மீட்டர்தான் நகரும், 3 நிமிடம் ஆகும். 60 மீட்டரிலோ நொடிக்கு 3 மீட்டர், 5 நிமிடம். வந்து சேர்ந்ததும் இறங்கவும் நேரம் வேண்டும். கடைசி 10 மீட்டரை அது நொடிக்கு அரை மீட்டர் வீதம் மெதுவாகத்தான் இறங்கும், அதுவே 20 நொடி. மொத்த இறக்கத்துக்கு 30 மீட்டரிலிருந்து அரை நிமிடமும், 60 மீட்டரிலிருந்து ஏறக்குறைய ஒரு நிமிடமும் ஆகும்.

இப்போது பேட்டரி. 4 செல் லிப்போவில் 14 வோல்ட்டில் `BATT_FS_LOW_ACT` வீடு திரும்பச் சொல்கிறது, 13.2-ல் `BATT_FS_CRT_ACT` அங்கேயே தரையிறங்கச் சொல்கிறது என்று அமைத்திருக்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் 4 நிமிடம் கிடைக்கிறது என்று வையுங்கள். 60 மீட்டரில் வரும் ட்ரோன் 720 மீட்டர் கடந்ததும் நேரம் முடிந்துவிடும். வீட்டுக்கு 180 மீட்டர் இருக்கும்போது யாரோ ஒருவரின் தோப்புக்குள் இறங்கும், கிணறு இருந்தாலும் அதற்குத் தெரியாது. 30 மீட்டரில் வந்தால் 3 நிமிடமும் இறக்கமும் சேர்ந்து எப்படியோ தப்பிக்கும், ஆனால் மிச்சம் அரை நிமிடம்கூட இல்லை. காற்றுக் காலத்தில் அதை நம்ப மாட்டேன். முதல் எச்சரிக்கையை 14.4-க்கு உயர்த்திவிடுவதே நல்லது.

தோப்பின் உச்சி மட்டைக்கு நேராக ட்ரோனை நிறுத்தி, திரையில் தெரியும் உயரத்தைப் பார்த்து, அதற்கு மேல் 5 மீட்டர் சேர்த்து `RTL_ALT` வைத்தால் போதும். வழியில் காற்றாலையோ உயரழுத்தக் கம்பியோ இருந்தால் உயரத்தை ஏற்றுவதைவிட, நிற்கும் இடத்தை மாற்றுவது மேல். கிழக்கு வரப்பில் நின்று மேற்கே அனுப்பினால், திரும்பும் வழியில் காற்றே தள்ளிக்கொண்டு வரும்.

ரேடியோ இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதை ரிசீவரும் தீர்மானிக்கிறது. சில ரிசீவர்கள் கடைசியாக வந்த ஸ்டிக் நிலையையே பிடித்துக்கொண்டிருக்கும்படி அமைந்திருக்கும். அப்படியானால் இணைப்புப் போனதே ஃப்ளைட் கன்ட்ரோலருக்குத் தெரியாது, ட்ரோன் போன திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பில் இணைத்து, ரிமோட்டை அணையுங்கள். திராட்டில் மதிப்பு `FS_THR_VALUE`-க்குக் (வழக்கமாக 975) கீழே விழ வேண்டும், அல்லது சிக்னலே நின்றுபோக வேண்டும். பழைய எண் அப்படியே நின்றால் ரிசீவர் அமைப்பை மாற்றாமல் பறக்கவிடக் கூடாது.

இணைப்பு மறுபடி வந்ததும் ஸ்டிக் வேலை செய்யவில்லையே என்று சிலர் பதறுவார்கள். அது கோளாறு இல்லை. சிக்னல் வந்தாலும் ட்ரோன் வீடு திரும்பும் நிலையிலேயேதான் இருக்கும். மோட் சுவிட்சை வேறு நிலைக்குத் தள்ளி, அப்புறம் வேண்டிய மோடுக்குக் கொண்டுவந்தால்தான் கை வசமாகும்.