வரவேற்புரை, அறிமுகவுரை, நன்றியுரை: மூணும் ஒண்ணு இல்லைங்க

கொஞ்ச நாள் முன்னாடி மேலூர் பக்கம் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மாங்குளம் மலைக் கல்வெட்டுகளைப் பத்தி ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருத்தர் சிறப்புரை. கூட்டம் 5.30க்கு ஆரம்பிச்சிருச்சு, ஆனா அவர் கையில மைக் வந்தப்ப மணி 6.35. அந்த ஒரு மணி நேரத்தை யாரும் வேணும்னு வீணாக்கல, ஆளாளுக்கு அடுத்தவங்க வேலையையும் சேத்துப் பாத்துட்டாங்க, அவ்வளவுதான்.

வரவேற்புரை சொன்னவர் பேராசிரியர் படிச்ச படிப்பு, எழுதின புத்தகம், வாங்கின விருதுன்னு எல்லாத்தையும் வரிசையா வாசிச்சுட்டாரு. அடுத்து அறிமுகம் செய்ய வந்த தங்கச்சி கையிலயும் அதே பயோடேட்டாதான். வேற என்ன சொல்றதுன்னு தெரியாம, கல்வெட்டை 1882ல ராபர்ட் சீவெல் கண்டுபிடிச்சது, அதுல நெடுஞ்செழியன் பேரு வர்றது, சமணத் துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்ததுன்னு எல்லாத்தையும் சொல்லி முடிச்சிருச்சு. டீ குடிக்கும்போது பேராசிரியர் சொன்னாரு, "அந்தப் பேரு யாரோடதுன்னு கடைசியாச் சொல்லலாம்னு வச்சிருந்தேன் தம்பி"ன்னு. எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு.

இதுல அறிமுகவுரையிலதான் சேதம் அதிகம், அதனால அதையே முதல்ல சொல்றேன். அறிமுகம்ங்கிறது ஒரே ஒரு ஆளுக்கு, அவர் பேச எந்திரிக்கிறதுக்குச் சரியா முன்னாடி செய்யறது. இந்தத் தலைப்பு என்ன, இதைப் பேச இவர் ஏன் சரியான ஆளு, இங்க உக்காந்திருக்கிற நமக்கு இதுல என்ன இருக்கு, இந்த மூணுக்கும் பதில் இருந்தாப் போதும். ரெண்டு நிமிஷம் தாண்டக் கூடாது. அந்தத் தங்கச்சி இப்படிச் சொல்லியிருக்கலாம்: "நாம பஸ்ல போகும்போது தினமும் பாக்குற மலைதான் மாங்குளம். அது மேல இருக்கிற எழுத்தை நம்மள்ல எத்தனை பேர் பாத்திருப்போம்? பல வருஷமா அந்தப் பாறையில ஏறி இறங்கி அந்த எழுத்துகளைப் படிச்சவர் இன்னைக்கு அதைப் பத்திப் பேசப்போறாரு". அதோட அவர் பேரைச் சொல்லி முடிச்சிரணும். பேரு கடைசி வார்த்தையா வந்தா கைதட்டு தானா வரும், அவரும் அந்தக் கைதட்டுலயே மைக்குக்கு வந்துருவாரு. கல்வெட்டுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு வரி கூட வேண்டாம், அது அவரோட சரக்கு. முன்னாடியே அவருக்கு ஒரு போன் போட்டு "எதைச் சொல்லாம விடணும் ஐயா"ன்னு கேட்டுக்கிட்டா இன்னும் நல்லது.

வரவேற்புரை வேற. வீட்டுக்காரங்க வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்பிடுற வேலை அது. அதனால கூட்டம் நடத்துற அமைப்போட ஆள்தான் சொல்லணும், மேடைக்கு மட்டுமில்லாம கீழ உக்காந்திருக்கிறவங்களுக்கும் சேத்துச் சொல்லணும். தலைவர், சிறப்பு விருந்தினர், அழைப்பிதழ்ல முன்னிலைன்னு போட்டவங்க, அப்புறம் சபை. ஒருத்தருக்கு ஒரு வரி, பேரும் பொறுப்பும் மட்டும், ஏன்னா சிறப்பு விருந்தினரைப் பத்தி விளக்கமாச் சொல்லத் தனியா ஒரு ஆள் இருக்கு. எதுக்கு இந்தக் கூட்டம்னு ரெண்டு வரி சேத்துக்கலாம். மொத்தம் 3 நிமிஷம்.

இனி நன்றியுரை. அன்னைக்கு அதைச் சொல்ல வந்த அண்ணன் திரும்ப "மேடையில் வீற்றிருக்கும்"னு முதல்ல இருந்து ஆரம்பிச்சாரு, பேச்சைச் சுருக்கிச் சொன்னாரு, அப்புறம் கல்வெட்டோட காலத்துல தனக்கு உடன்பாடு இல்லைன்னு வாதாட ஆரம்பிச்சுட்டாரு. பேராசிரியர் திரும்ப மைக் வாங்கிப் பதில் சொல்ல முடியுமா? முடியாது. இங்கிலீஷ்ல இதுக்கு வோட் ஆஃப் தேங்க்ஸ்னு பேரு. ஒரு நன்றித் தீர்மானத்தை முன்மொழிஞ்சு சபை அதை ஏத்துக்கிறதுங்கிற வழக்கத்துல இருந்து வந்த பேரு அது. ஆக அங்க நிக்கிறவர் சபையோட வாயா நிக்கிறாரு, அவர் சொந்தக் கருத்துக்கு அது இடமே இல்ல.

இதை முழுசா வீட்டுலயே எழுதிட்டு வர முடியாதுங்கிறதும் முக்கியம். பேரு லிஸ்ட் மட்டும் கையில இருக்கட்டும், பேச்சைக் கேட்டுக்கிட்டே மனசுல நின்ன ஒரு இடத்தைக் குறிச்சு வச்சு அதை ஒரே வரியில சொல்லி நன்றி சொல்லணும். அப்புறம் மண்டபம் கொடுத்தவங்க, மைக்செட் தம்பி, டீ போட்டவங்க, நாற்காலி எடுத்துப் போட்ட பசங்க. இவங்க பேரைத்தான் பாதி நேரம் விட்டுர்றாங்க, அன்னைக்கும் விட்டுட்டாங்க. வாதம் நீண்டு போனதுல மாட்டுத்தாவணி பஸ்ஸைப் பிடிக்கணும்னு சனம் எந்திரிச்சிருச்சு, கடைசியில மைக்செட்டுக்காரர் வெறும் நாற்காலிகளுக்கு நடுவுல ஒயரைச் சுருட்டிக்கிட்டு இருந்தாரு.