வீடு தாமதமா? வட்டிக் கடிதத்தில் இந்த வரி இருக்கட்டும்
கட்டுநருக்கு எழுதும் கடிதத்தில், "நான் திட்டத்திலிருந்து விலகவில்லை, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் 18(1) பிரிவின்படி, வீட்டை ஒப்படைக்கும் நாள்வரை வட்டி கோருகிறேன்" என்று தெளிவாக எழுதுங்கள். விலகுபவர் கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பப் பெறுவார். தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி, வீட்டுக்காகக் காத்திருப்பவருக்கே உரியது.

ஒப்பந்தத்தில் உள்ள கெடுவுக்கு முன் கட்டிய தவணைகளுக்குக் கெடு முடிந்த நாளிலிருந்தும், பிறகு கட்டியவற்றுக்குக் கட்டிய நாளிலிருந்தும் கணக்கிடுங்கள். வங்கி நேரே கட்டுநருக்குக் கொடுத்த கடன் தொகையையும் விட்டுவிடாதீர்கள், அதுவும் உங்கள் பணம்தான். மொத்தம் 40 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 33,333 ரூபாய் வரும். சரியான விகிதம் உங்கள் மாநில ரெரா விதிகளில் இருக்கிறது.

வெள்ளம், புயல் போன்றவற்றுக்காக ரெரா ஆணையம் நீட்டித்த காலத்துக்கு இந்த வட்டியைக் கேட்பது கடினம்.